நகரும் வாலட்டிலிட்டியை வைத்து டிரெண்ட், ரேஞ்ச் உத்திகளை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சந்தை பெரிதாக ஆடினால் டிரெண்ட் உத்தி, அடங்கிக் கிடந்தால் ரேஞ்ச் உத்தி. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அதில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

வாலட்டிலிட்டி, விலை ஒரு நாளில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைச் சொல்லும். ஒரே பக்கமாக நகர்கிறதா, முன்னும் பின்னும் அலைகிறதா என்பதைச் சொல்லாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கின்றன. வரிசை முக்கியம் என்பதால் இடையில் எதையும் தாண்டிப் போக வேண்டாம். ரெஜீம் என்று சொல்லப்படுவதை இங்கே பருவம் என்றே எழுதுகிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் வர்த்தகம் செய்யும் பொருளின் தினசரி முடிவு விலை குறைந்தது 8 முதல் 10 வருடங்களுக்கு வேண்டும். இரண்டு வருடத் தரவில் கொந்தளிப்பான பருவம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது.

விலை சரிக்கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்ட நாளில் சரிக்கட்டாத விலை 50% விழுந்ததுபோலத் தெரியும். அந்த ஒரு பொய்யான நாள், அடுத்த 20 நாட்களுக்கு உங்கள் கணக்கைக் கொந்தளிப்புப் பருவத்தில் தள்ளி வைக்கும். ஃபியூச்சர்ஸில் ஒரு மாத ஒப்பந்தத்திலிருந்து அடுத்ததுக்கு மாறும்போது வரும் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். எனவே முதலில் மிகப்பெரிய 20 நகர்வுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் உண்மையில் நடந்ததா என்று கையால் சரிபாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

இன்னொன்றும் வேண்டும். தனித்தனியாக ஓடக்கூடிய ஒரு டிரெண்ட் உத்தியும் ஒரு ரேஞ்ச் உத்தியும் முன்பே கையில் இருக்க வேண்டும். இரண்டுமே சுமாராகக்கூட ஓடாவிட்டால், அவற்றுக்கு இடையில் மாறி மாறிப் போவதால் எதுவும் நல்லதாகிவிடாது.

## 2. கொத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பெரிய நகர்வுக்குப் பின் பெரிய நகர்வு, சிறியதற்குப் பின் சிறியது என்று கொத்துக் கொத்தாக வருவதுதான் இந்த முறைக்கே அடிப்படை. அது உங்கள் தரவில் இல்லையென்றால் நேற்றைய வாலட்டிலிட்டி நாளையைப் பற்றி எதுவும் சொல்லாது. அப்புறம் மற்ற படிகளுக்குப் பொருளே இல்லை.

```python
import numpy as np
import pandas as pd

# px: சரிக்கட்டிய தினசரி முடிவு விலைகளின் pandas தொடர்
r = np.log(px).diff()
for k in (1, 5, 10, 20):
    print(k, r.autocorr(k), r.abs().autocorr(k))
```

இரண்டு எண்களை ஒப்பிடுகிறோம். முதலாவது, இன்றைய நகர்வுக்கும் k நாட்களுக்கு முந்தைய நகர்வுக்கும் உள்ள தொடர்பு, கூட்டல் கழித்தல் குறியோடு. இது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும். இரண்டாவது அதே கணக்குத்தான், ஆனால் குறியை எடுத்துவிட்டு நகர்வின் அளவை மட்டும் பார்க்கிறது. இது தெளிவாகப் பூஜ்யத்துக்கு மேல் நிற்க வேண்டும். 10, 20 நாட்கள் தள்ளிப் பார்த்தாலும் மெதுவாகத்தான் குறைய வேண்டும்.

தற்செயல் எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயமான அளவு 2/√N. 2,500 நாள் தரவில் அது 0.04. இரண்டாவது எண் அதைவிடப் பல மடங்கு பெரிதாக, 20 நாள் தள்ளியும் அதற்கு மேலேயே இருந்தால் கொத்து இருக்கிறது. பங்குக் குறியீடுகளில் அநேகமாக எப்போதும் இருக்கும்.

இரண்டு எண்களுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அளவைக் கணிக்க முடிகிறது, திசையைக் கணிக்க முடிவதில்லை. முதல் வரியில் சொன்ன 'பெரிதாக ஆடினால் டிரெண்ட்' என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

## 3. நகரும் வாலட்டிலிட்டியைக் கணக்கிடுங்கள்

```python
v = np.sqrt((r**2).rolling(20).mean())
```

வழக்கமான திட்ட விலக்கத்தில் சராசரியைக் கழிப்பார்கள். நான் கழிப்பதில்லை. 20 நாள் சராசரி நகர்வு என்பது பெரும்பாலும் இரைச்சல். அதோடு, விலை தினமும் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தால் அந்த வீழ்ச்சியே சராசரியாகிக் கழிந்துபோய், வாலட்டிலிட்டி குறைவு என்று காட்டும். நமக்கு அது வேண்டாம். வருடாந்திர எண் வேண்டுமென்றால் √252 ஆல் பெருக்கலாம். பருவம் பிரிக்க அது தேவையில்லை.

சாளரம் ஏன் 20? குறைத்தால் வேகம் கூடும், நம்பகம் குறையும். N நாள் சாளரத்தில் இந்த மதிப்பீட்டின் பிழை தோராயமாக 1/√(2N). 20 நாளுக்கு அது 16%, 60 நாளுக்கு 9%. அதாவது உண்மையான வாலட்டிலிட்டி 1.0%-இல் மாறாமலே இருந்தாலும் 20 நாள் எண் 0.84%-க்கும் 1.16%-க்கும் இடையே சும்மா உலவும். உண்மைச் சந்தையில் பெரிய நகர்வுகள் அடிக்கடி வருவதால் பிழை இதைவிடவும் அதிகம். 10 நாள் சாளரம் வைத்துவிட்டு ஒவ்வொரு அசைவுக்கும் பருவம் மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்தப் பிழையைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு பொறி, பழைய நாள் சாளரத்தை விட்டு வெளியே விழுவது. தினம் 0.8% நகரும் சந்தையில் ஒரே ஒரு நாள் 4% நகர்வு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற 19 நாட்களின் வர்க்கம் 0.64, அந்த ஒரு நாளின் வர்க்கம் 16. சராசரி 1.408, வர்க்கமூலம் 1.19%. ஒரே நாளில் 0.8-லிருந்து 1.19-க்குத் தாவி, 20 நாட்கள் அங்கேயே மேசைபோல நிற்கும். 21-ஆம் நாள் மறுபடி 0.8-க்குத் தொப்பென்று விழும். அன்று சந்தையில் எதுவுமே நடந்திருக்காது. வரைபடத்தில் இப்படித் தட்டையான மேசைகள் தெரிந்தால் அவை பருவங்கள் அல்ல, ஒற்றை நாளின் நிழல்கள்.

இது தொந்தரவாக இருந்தால் எடை குறைந்துகொண்டே போகும் சராசரிக்கு மாறலாம். தினசரித் தரவுக்குப் பலரும் எடுக்கும் எண் 0.94. அதாவது நேற்றைய மதிப்பீட்டின் வர்க்கத்துக்கு 94%, இன்றைய நகர்வின் வர்க்கத்துக்கு 6%. அதே 4% நாள் இதில் 1.25%-க்கு உயர்த்தும், 20 நாள் கழித்து அது படிப்படியாக 0.95%-க்கு இறங்கியிருக்கும். மேசை இல்லை, சரிவு. நான் இரண்டையும் வரைந்து பார்ப்பேன். முடிவை எடுப்பது 20 நாள் எண்ணில்தான், காரணம் அது எதனால் நகர்ந்தது என்று ஒவ்வொரு நாளும் கையால் சொல்ல முடிகிறது.

## 4. எது அதிகம், எது குறைவு என்று முடிவு செய்யுங்கள்

1.2% அதிகமா, குறைவா? ஒரு குறியீட்டுக்கு அதிகம், ஒரு சிறிய பங்குக்குக் குறைவு. அதனால் அந்தப் பொருளின் சொந்தக் கடந்தகாலத்தோடு ஒப்பிட வேண்டும்.

```python
rank = v.rolling(504).rank(pct=True)
calm = v.rolling(504).median()
```

504 என்பது இரண்டு வருட வர்த்தக நாட்கள். rank 0.80 என்றால் கடந்த இரண்டு வருடத்தில் 80% நாட்களில் வாலட்டிலிட்டி இன்றைய அளவிலோ அதற்குக் கீழோ இருந்தது என்று பொருள்.

இங்கேதான் நான் சறுக்கினேன். முதல் முறை தரவரிசையை மொத்தத் தரவின் மேல் எடுத்தேன். பேக்டெஸ்ட் அவ்வளவு அழகாக வந்தது. பின்னால் வரப்போகும் கொந்தளிப்பு எவ்வளவு உயரம் போகும் என்பது என் கணக்குக்கு முதல் நாளிலேயே தெரிந்திருந்தது. அழகுக்குக் காரணம் அதுதான். நகரும் சாளரத்துக்கு மாற்றியதும் லாபத்தில் பாதிக்கு மேல் காணாமல் போனது. எந்த எண்ணாக இருந்தாலும், அந்த நாள் மாலை உட்கார்ந்து கணக்கிட்டிருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தரவரிசைக்கு ஒரு பலவீனமும் உண்டு. இரண்டு வருடம் சந்தை உறங்கிக் கிடந்தால் 0.3%-லிருந்து 0.4%-க்கு வந்தாலே rank 0.95 காட்டும். அது கொந்தளிப்பு இல்லை, புரண்டு படுத்தது. அதனால் நான் இரண்டு நிபந்தனை வைப்பேன்: rank 0.80-க்கு மேல் இருக்க வேண்டும், v அதன் இரண்டு வருட நடுமதிப்பைவிட 1.5 மடங்காவது இருக்க வேண்டும். நீண்ட கொந்தளிப்புக்குப் பின் இதன் மறுபக்கம் நடக்கும். உயர்ந்த எண்களே சாளரத்தை நிரப்பிவிடுவதால், இன்னும் அபாயமான சந்தையை rank அமைதி என்று சொல்லும். அதற்கு இந்த இரண்டு நிபந்தனையும் உதவாது. அங்கே காப்பாற்றப்போவது 8-ஆம் படிதான்.

## 5. உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர இன்னொரு வாசல்

ஒரே வரம்பு வைத்தால், எண் அந்த வரம்பைச் சுற்றி உலவும்போதெல்லாம் உத்தி மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கமிஷன், விலை வித்தியாசம் எல்லாம் உண்டு. மூன்றாம் படியில் பார்த்த 16% பிழையே போதும், வாரம் இரண்டு முறை மாற்ற.

அதனால் உள்ளே போக 0.80, வெளியே வர 0.60. இடையில் இருக்கும்போது நேற்று எந்தப் பருவமோ இன்றும் அதே.

```python
def latch(x, up, down):
    s, out = 0, []
    for a in x:
        if a > up: s = 1
        elif a < down: s = 0
        out.append(s)
    return pd.Series(out, index=x.index)

x = rank.where((v > 1.5 * calm) | (rank < 0.6), 0.7)
hv = latch(x, 0.80, 0.60).shift(1)
```

x வரி, நடுமதிப்பு நிபந்தனை நிறைவேறாமலும் rank 0.60-க்குக் கீழே இறங்காமலும் இருக்கும் நாளில் எண்ணை இரு வாசலுக்கும் நடுவே வைத்துவிடுகிறது. அதனால் அன்று உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கடைசியில் உள்ள shift(1) இன்றைய முடிவு விலையில் கிடைத்த பருவத்தை நாளைய வர்த்தகத்துக்குத்தான் பயன்படுத்துகிறது. இதை விட்டுவிடுவதுதான் நான் மற்றவர்களின் குறிப்புகளில் அதிகம் பார்த்த பிழை. பெரிய நகர்வு வந்த அதே நாளில் முன்கூட்டியே விலகிவிட்டதாகக் கணக்குக் காட்டும்.

முதல் 524 நாட்களைச் சோதனையிலிருந்து வெட்டி எறியுங்கள். அங்கே தரவரிசை இன்னும் உருவாகவில்லை, ஆனால் மேலே உள்ள நிரல் அவற்றை அமைதி என்று எழுதி வைத்திருக்கும்.

இப்போது தாமதத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதில்தான் விஷயமே இருக்கிறது. சந்தை தினம் 0.6%-லிருந்து திடீரென 1.8%-க்கு மாறுகிறது. வரம்பு நடுவில், 1.2%. புதிய பருவத்தின் k-ஆவது நாளில் 20 நாள் சாளரத்தில் k நாட்களின் வர்க்கம் 3.24, மீதி நாட்களின் வர்க்கம் 0.36. சராசரி 1.44-ஐத் தொட k = 7.5. அதாவது எட்டாம் நாள்தான் தெரியும்.

திரும்பி வரும்போது? 1.8%-லிருந்து 0.6%-க்கு மாறினால் அதே வரம்பைத் தொட 12.5 நாள், அதாவது 13-ஆம் நாள். வெளியே வரும் வாசலை 1.0%-இல் வைத்தால் 16-ஆம் நாள். வர்க்கம் எடுப்பதால் பெரிய நாட்கள் கனமாக அழுத்துகின்றன. ஏறுவது சீக்கிரம், இறங்குவது மெதுவாக. பழுது என்று நினைத்து இதைச் சரிசெய்யப் போகாதீர்கள். அபாயத்தை வேகமாக உணர்ந்து மெதுவாக மறப்பது நமக்குச் சாதகம்தான்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம். உங்கள் பொருளில் கொந்தளிப்புப் பருவம் சராசரியாக எத்தனை நாள் நீடிக்கிறது? hv தொடரில் அடுத்தடுத்து 1 வரும் ஓட்டங்களின் நீளத்தை எண்ணுங்கள். பெரும்பாலானவை 15 நாளுக்குள் முடிந்தால், எட்டாம் நாள் கண்டுபிடித்து மாறுவதற்குள் பாதிப் பருவம் போய்விட்டது. அந்தப் பொருளுக்கு இந்த முறை பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

## 6. திசைக்குத் தனி அளவுகோல் வையுங்கள்

டிரெண்டா ரேஞ்சா என்பதற்கு எனக்குப் பிடித்தது எஃபிஷியன்சி ரேஷியோ. 20 நாளில் விலை நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம் போனதோ, அதை இந்த 20 நாளும் நடந்த மொத்தத் தூரத்தால் வகுப்பது. ஒரே பக்கம் போனால் 1, அலைந்து திரிந்து அதே இடத்துக்கு வந்தால் 0.

```python
er = px.diff(20).abs() / px.diff().abs().rolling(20).sum()
tr = latch(er, 0.45, 0.22).shift(1)
```

வாலட்டிலிட்டியும் இதுவும் எவ்வளவு வேறு வேறு என்பதற்கு 2020 மார்ச்சை எடுத்துக்கொள்வோம். மார்ச் 9 முதல் 17 வரை ஏழு வர்த்தக நாட்களில் எஸ்&பி 500 இப்படி நகர்ந்தது: −7.6%, +4.9%, −4.9%, −9.5%, +9.3%, −12.0%, +6.0%. கொத்து என்றால் இதுதான், இரண்டு குறியும் கலந்து. மார்ச் 6-இல் 2,972 புள்ளியில் இருந்த குறியீடு 17-இல் 2,529. நிகர வீழ்ச்சி 443 புள்ளி. ஆனால் நடந்த மொத்தத் தூரம் 1,461 புள்ளி. விகிதம் 0.30.

0.30 என்பது நல்ல எண்ணா? சுத்தமான சீரற்ற நடையில் n நாளுக்கு இந்த விகிதம் சராசரியாக 1/√n வரும். ஏழு நாளுக்கு 0.38. அதாவது அந்த ஏழு நாட்களில் 15% வீழ்ந்த சந்தை, காசு சுண்டிப் போட்டு நடந்ததைவிடவும் கூட நேராகப் போகவில்லை. முந்தைய நாள் நகர்வின் பக்கம் மறுநாள் ஏறியவர், மார்ச் 10 முதல் 17 வரை ஆறு நாட்களில் ஒரு நாள் தவிர மற்ற நாட்களில் மறுபக்கம் அடி வாங்கியிருப்பார். 'பெரிதாக ஆடினால் டிரெண்ட்' என்று நம்பியவருக்கு அந்த வாரம் போதும்.

அந்த 1/√n தான் வரம்பு வைக்கவும் உதவுகிறது. 20 நாளுக்கு அது 0.22, அதனால்தான் கீழ் வாசல் அங்கே. 10 நாள் சாளரம் எடுத்துக்கொண்டு 0.30-க்கு மேல் டிரெண்ட் என்று வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 10 நாளுக்கு வெறும் இரைச்சலே 0.32 தரும். சாளரத்தை மாற்றினால் வரம்பையும் மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

மேல் வாசல் 0.45 ஏன்? 20 நாள் சீரற்ற நடையும்கூடச் சுமார் ஐந்தில் ஒரு நாள் 0.35-ஐத் தாண்டிவிடும். 0.45-இல் அது பத்தில் ஒன்றாகக் குறைகிறது. அதற்கும் மேலே ஏற்றினால் டிரெண்ட் முடியப் போகும் நேரத்தில்தான் சொல்லும். ஆக, இது பலவீனமான அளவுகோல் என்று தெரிந்துகொண்டே பயன்படுத்துகிறோம். வாலட்டிலிட்டிப் பருவத்தை நான் நம்பும் அளவுக்கு இதை நம்புவதில்லை. எந்த உத்திக்கு அனுமதி என்று மட்டும் இது சொல்லட்டும். எப்போது வாங்குவது என்பதை அந்த உத்தியின் சொந்த விதி சொல்லட்டும்.

## 7. நான்கு கட்டங்களிலும் என்ன செய்வது

இரண்டு அளவுகோல்களும் சேர்ந்தால் நான்கு கட்டங்கள்.

அமைதி, திசை இல்லை: ரேஞ்ச் உத்திக்கு இதுதான் வீடு. 20 நாள் சராசரியிலிருந்து விலை இரண்டு திட்ட விலக்கம் தள்ளிப் போனால் எதிர்ப்பக்கம் எடுத்து, சராசரிக்கு வந்ததும் வெளியேறுவது. 10 நாளில் வராவிட்டாலும் வெளியேறுவது. ஸ்டாப் லாஸ் இல்லாமல் இங்கே இருக்கவே கூடாது, ஏனென்றால் நகரும் வாலட்டிலிட்டி வரப்போவதைப் பார்க்காது, வந்ததைத்தான் பார்க்கும். 2017 முழுவதும் மிக அமைதியாக இருந்த எஸ்&பி 500, 2018 பிப்ரவரி 5 அன்று ஒரே நாளில் 4.1% விழுந்தது, விக்ஸ் 17.31-லிருந்து 37.32-க்குப் போனது. எந்த 20 நாள் சாளரத்தாலும் அந்த நாளை முந்தைய மாலையில் கண்டிருக்க முடியாது.

அமைதி, திசை உண்டு: பிரேக்அவுட், பின்தொடரும் ஸ்டாப். வாலட்டிலிட்டி குறைவு என்பதால் பெரிய பொசிஷன் எடுக்க முடியும். சத்தமில்லாமல் மாதக்கணக்கில் ஏறும் சந்தை இந்தக் கட்டத்தில்தான் விழுகிறது. வாலட்டிலிட்டியை மட்டும் பார்த்தவர் இதை ரேஞ்ச் என்று முடிவு கட்டி, ஒவ்வொரு உயரத்திலும் விற்றுக்கொண்டிருப்பார்.

கொந்தளிப்பு, திசை உண்டு: அதே டிரெண்ட் உத்தி, சிறிய பொசிஷனில், அகலமான ஸ்டாப்போடு.

கொந்தளிப்பு, திசை இல்லை: எதுவும் இல்லை. சும்மா இருப்பதும் ஓர் உத்திதான் என்பது புதியவர்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. ரேஞ்ச் அகலமாக இருக்கிறதே, லாபமும் பெரிதாக வருமே என்பார்கள். சராசரியே தினமும் நகர்ந்துகொண்டிருக்கும்போது எதை நோக்கித் திரும்பி வரப் போகிறது?

## 8. பொசிஷன் அளவை வாலட்டிலிட்டியில் கட்டுங்கள்

மூலதனம் 1,00,000, ஒரு வர்த்தகத்தில் இழக்கத் தயாரான தொகை அதில் 0.5%, அதாவது 500. ஸ்டாப் தூரம், தினசரி வாலட்டிலிட்டியைப்போல 2.5 மடங்கு. விலை 100.

v = 0.8% என்றால் ஸ்டாப் 2 புள்ளி தள்ளி, 250 யூனிட் எடுக்கலாம். 1.8% என்றால் 4.5 புள்ளி, 111 யூனிட். 5% என்றால் 12.5 புள்ளி, வெறும் 40. எந்தப் பருவம் என்று rank தவறாகச் சொன்னாலும் இந்தக் கணக்கு தவறாது, ஏனென்றால் இதில் வரம்பே இல்லை. v ஏற ஏற அளவு தானாகக் குறைகிறது. நான்காம் படியில் சொன்ன ஓட்டையை அடைப்பது இதுதான்.

வெளிப்படையாகச் சொன்னால், என் கணக்குகளில் நிலையாகத் தெரிந்த பலன் இரண்டு இடங்களில்தான் வந்தது: இந்த அளவுக் கணக்கிலும், கொந்தளிப்பில் ரேஞ்சை நிறுத்தியதிலும். டிரெண்டைச் சரியாகப் பொறுக்கியதால் வந்தது அதற்கு அப்புறம்தான்.

ஒரு எச்சரிக்கை. v மிகவும் குறைந்தால் இந்த வாய்ப்பாடு பயங்கரமாகப் பெரிய பொசிஷனைக் கேட்கும். v-க்கு ஒரு தரை வையுங்கள். உதாரணமாக அதன் இரண்டு வருட நடுமதிப்பில் பாதிக்குக் கீழே கணக்கில் எடுக்காதீர்கள்.

## 9. பருவம் மாறும் நாளில் திறந்திருக்கும் பொசிஷன்

பருவம் மாறியதும் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது வேண்டாம். ஒரு பொசிஷன் எந்த விதியில் திறக்கப்பட்டதோ அதே விதியில்தான் மூடப்பட வேண்டும். டிரெண்டில் வாங்கியது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது er சற்றுக் குறைந்ததற்காக விற்றால், பின்தொடரும் ஸ்டாப் எதற்கு? பருவ மாற்றம் புதிய நுழைவுகளை மட்டும் கட்டுப்படுத்தட்டும்.

ஒரே விதிவிலக்கு: ரேஞ்ச் பொசிஷன் திறந்திருக்கும்போது hv 1 ஆனால், அடுத்த திறப்பில் மூடிவிடுங்கள். அது எந்த அனுமானத்தின் மேல் எடுக்கப்பட்டதோ அந்த அனுமானமே போய்விட்டது.

டிரெண்ட் பொசிஷனாக எடுத்தது நஷ்டத்தில் இருக்கும்போது, இப்போது ரேஞ்ச் பருவம்தானே, சராசரிக்குத் திரும்பிவிடும் என்று பெயரை மாற்றி வைத்துக்கொள்வது இன்னொரு வழக்கம். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் திறந்த அன்றே எந்த உத்தி என்று எழுதி வையுங்கள். எழுதினால் பெயர் மாற்ற வெட்கமாக இருக்கும்.

## 10. மாற்றுவது உண்மையில் உதவுகிறதா என்று சோதியுங்கள்

பேக்டெஸ்டில் லாபம் வந்தது என்பது போதாது. டிரெண்டை மட்டும் ஓட்டினால் என்ன, ரேஞ்சை மட்டும் ஓட்டினால் என்ன, இரண்டையும் பாதிப் பாதியாக எப்போதும் ஓட்டினால் என்ன என்ற மூன்றோடும் ஒப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் எட்டாம் படியின் அளவுக் கணக்கையே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவுக் கணக்கின் பலனை மாற்றத்தின் பலன் என்று நினைத்துக்கொள்வீர்கள். பாதிப் பாதியை வெல்வதுதான் கடினம்.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை. பருவத் தொடரை அப்படியே எடுத்து, விலையோடு பொருந்தாதபடி குறைந்தது 60 நாட்கள் வட்டமாகத் தள்ளி விடுங்கள்.

```python
a, b = hv.values[524:], tr.values[524:]
rng, n = np.random.default_rng(1), len(a)
base = pnl(a, b)
sims = [pnl(np.roll(a, k), np.roll(b, k))
        for k in rng.integers(60, n - 60, 500)]
print((np.array(sims) >= base).mean())
```

pnl என்பது 524-ஆம் நாளுக்குப் பிந்தைய விலைகளின் மேல் உங்கள் சொந்த உத்திகளை ஓட்டிச் செலவு கழித்த லாபத்தைத் தரும் நிரல். தள்ளிய தொடரிலும் பருவங்களின் எண்ணிக்கை, நீளம், மாற்றச் செலவு எல்லாம் கிட்டத்தட்ட அதேதான். மாறியிருப்பது நேரம் மட்டும். கடைசி வரி 0.05-க்குக் கீழே வந்தால் உங்கள் நேரக் கணிப்பில் ஏதோ இருக்கிறது. 0.30 வந்தால், 500 குருட்டு மாற்றங்களில் 150 உங்களுடையதைப்போலவோ அதைவிட நன்றாகவோ ஓடியிருக்கின்றன.

இந்தச் சோதனையில் தேறியதற்குப் பின்னும் பருவ மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். பத்து வருடத்தில் கொந்தளிப்புக்குள் 14 முறைதான் போயிருக்கிறீர்கள் என்றால், உங்களிடம் இருக்கும் சான்று 2,500 நாட்கள் அல்ல, 14 நிகழ்வுகள். அவற்றில் ஒன்றை, உதாரணமாக 2020-ஐ, வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மொத்த லாபமும் அந்த ஒன்றில்தான் இருந்தது என்று தெரிந்தால், வரம்புகளை 0.78, 0.83 என்று நகர்த்திப் பார்க்க உட்காராதீர்கள். வேறு பொருட்களின் விலைத் தரவை எடுத்து, இதே எண்களை மாற்றாமல் ஓட்டிப் பாருங்கள்.